140 மீட்டரில் எத்தனை உடை? தேங்கிய துணிச் சரக்கும் மீட்டர் கணக்கும்

விற்பவர் அனுப்பிய பட்டியலில் அந்தச் சரக்கைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது. பருத்தியும் லினனும் கலந்த துணி, கருநீலம், அகலம் 148 செ.மீ., நான்கு ரோல், மொத்தம் 140 மீட்டர், இதற்கு மேல் இருப்பு இல்லை. முழங்கால் வரை வரும் சட்டைக் கவுன் ஒன்றை மனத்தில் வைத்திருந்த சிறு தயாரிப்பாளருக்கு இது பொருத்தமான துணி. மாதிரிக் கவுனுக்கு 2.4 மீட்டர் பிடித்தது. 140-ஐ 2.4-ஆல் வகுத்தால் 58 கவுன் வருகிறது. மூன்றைக் கழிவுக்கு ஒதுக்கிவிட்டு 55 என்று வைத்துக்கொண்டு, அந்த எண்ணால் துணிச் செலவை வகுத்து விலையும் போட்டாயிற்று. கடைசியில் அந்தத் துணியிலிருந்து விற்பனைக்கு எடுக்க முடிந்தது 43 கவுன். யாரும் ஏமாற்றவில்லை, வெட்டுபவர் கைபிசகியும் விடவில்லை. குறைந்த 12 கவுன்கள் எங்கே போயின என்பதைத்தான் இந்தக் கட்டுரை படிப்படியாகப் பார்க்கிறது.

முதலில், இப்படிப்பட்ட சரக்கு எப்படி உண்டாகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆலை ஒரு நிறத்தில் குறிப்பிட்ட மீட்டருக்கு ஆர்டர் எடுத்தால், அதைவிடச் சற்றுக் கூடுதலாகவே சாயமிடும். சோதனையில் சில மீட்டர் கழியும். அப்போது ஆர்டரில் குறைவு விழுந்தால், அந்தக் குறைவுக்காக மட்டும் மறுபடியும் ஒரு சிறு தொகுதியைச் சாயமிட வேண்டிவரும். இரண்டாவது தொகுதியின் நிறம் முதல் தொகுதியோடு அச்சுப் பிசகாமல் ஒத்துவருவது அரிது. எனவே முன்கூட்டியே மிகுதியாக ஓட்டி, மிஞ்சுவதை மலிவாகத் தள்ளிவிடுவதே ஆலைக்கு லாபம். தையல் தொழிற்சாலையும் சேதத்தை எதிர்பார்த்து, வழக்கமாக நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு வரை கூடுதல் துணி வாங்குகிறது. சேதம் ஆகாத பங்கு மிஞ்சிவிடுகிறது. ரத்தான ஆர்டர்களும் தரச் சோதனையில் திருப்பி அனுப்பப்பட்ட ரோல்களும் இவற்றோடு சேர்ந்துகொள்கின்றன. ஆக, இரண்டாம் முறை சாயமிட்டால் நிறம் ஒத்துவராது என்ற பயம்தான் இந்த மிச்சத்துக்குப் பெரிய காரணம். மிச்சத்தை வாங்குபவர் அந்தச் சிக்கலையும் சேர்த்தே வாங்குகிறார். ஆலைக்காவது மறுபடி சாயமிடும் வழி உண்டு. இவருக்கு அதுவும் இல்லை.

இந்தத் துணியை வாங்குவதால் குப்பைக்குப் போக இருந்ததை மீட்டுவிட்டதாகச் சொல்லிக்கொள்வதில் எனக்குத் தயக்கம் உண்டு. மிகுதியாக ஓட்டுவது ஆலையின் திட்டத்திலேயே இருப்பதும், மிச்சத்தின் விலை அதன் கணக்கில் முன்பே எழுதப்பட்டிருப்பதும் உண்டு. ரத்தான ஆர்டரின் துணி வேறு கதை. இரண்டையும் ஒரே பெயரில் விற்கிறார்கள் என்பதால், எது எதுவென்று கேட்பது வாங்குபவரின் பொறுப்பாகிறது.

சரக்கு யார் கையிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து அதனுடன் வரும் தகவலும் மாறும். ஆலையிடமே நேரடியாக வாங்கினால் நூல் எண், இழைக் கலப்பு, சாய வகை, சாயத் தொகுதி எண், முடித்தல் வேலை எல்லாம் கேட்டால் கிடைக்கும். தையல் தொழிற்சாலையிடம் வாங்கினால் எந்த வகை உடைக்காக அந்தத் துணி வந்தது என்பதாவது தெரியும். பல இடங்களிலிருந்து மொத்தமாக அள்ளி வந்து பிரித்து விற்கும் வியாபாரிக்கோ பெரும்பாலும் அகலமும் எடையும் தோராய நீளமும் மட்டுமே தெரியும். இழைக் கலப்பை அவர் சொல்வது பல நேரம் கைத்தொடுதலை வைத்துச் சொல்லும் ஊகம். நூலை எரித்துப் பார்த்தால் பருத்தியா பாலியஸ்டரா என்று தெரியுமே தவிர, கலப்பில் எது எத்தனை சதவீதம் என்று தெரியாது. இழை விகிதத்தை லேபிளில் அச்சிட வேண்டிய சந்தைகளில் விற்பதென்றால் ஆய்வகச் சோதனை தேவைப்படும். அந்தச் செலவை 43 உடைகளின் தலையில்தான் ஏற்ற வேண்டியிருக்கும். மூலத்துணிக்கு இயற்கை வேளாண்மைச் சான்று இருந்ததாகச் சொன்னாலும், இடையில் சான்று பெறாத கைகள் மாறிய பிறகு அந்தப் பெயரை உடையின் மேல் போட முடியாது.

இப்போது நான்கு ரோல்களுக்கு வருவோம். சீட்டில் இருந்த நீளங்கள் 52, 41, 33, 14 மீட்டர். இவை ஆலை எழுதிய எண்கள். அதன் பிறகு யாரோ மாதிரிக்காக ஓரத்தில் வெட்டியிருப்பார்கள், யாரோ இடையில் பழுதை நீக்கியிருப்பார்கள், சீட்டைத் திருத்த யாருக்கும் தோன்றியிருக்காது. மேசையில் விரித்து அளந்தபோது 51.2, 40.1, 33.4, 12.6 என்று வந்தது. மொத்தம் 137.3 மீட்டர். குறைவு பெரிதில்லை, ஒரு கவுனுக்குச் சற்று மேல். ஆனாலும் பணம் கொடுப்பதற்கு முன், சீட்டின்படி விலையா, அளந்ததன்படி விலையா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

அடுத்தது சுருக்கம். புதிய ஆர்டரில் சுருக்க அளவை ஆலை சொல்லும். இங்கே நாமேதான் பார்க்க வேண்டும். துணியின் ஓரங்களை விட்டு நடுவில் 50 செ.மீ. சதுரம் ஒன்றை அழியாத மையில் குறித்து, வாடிக்கையாளர் எப்படித் துவைப்பாரோ அப்படி மூன்று முறை துவைத்து, உலர்த்தி, நீவி அளக்க வேண்டும். இந்தத் துணியில் பாவு வாக்கில், அதாவது நீளத்தில், 50 செ.மீ. என்பது 48 ஆயிற்று. அதாவது 4 சதவீதம். ஊடை வாக்கில், அதாவது அகலத்தில், சுருக்கம் ஒன்றரை சதவீதத்துக்குள் நின்றது. இனித் துணியை முன்கூட்டியே நனைத்துச் சுருக்கினாலும் சரி, பேட்டர்னை 4 சதவீதம் நீட்டி வெட்டினாலும் சரி, செலவாகும் துணி ஒன்றுதான். 137.3 மீட்டர் ஏறக்குறைய 132 ஆகிவிடுகிறது. இங்கே இரண்டு கவுன்கள் போய்விட்டன. 2.4 மீட்டர் என்ற கணக்கு, துவைக்காத மாதிரித் துண்டில் போட்ட கணக்கு என்பது பலருக்கு இந்தக் கட்டத்தில்தான் உறைக்கும்.

அகலத்துக்கும் இதே கதைதான். 148 செ.மீ. என்பது கரையிலிருந்து கரை வரை உள்ள அளவு. கரையின் தடிப்பும் ஊசித் துளைகளும் ஓடும் பகுதியைக் கழித்தால் 144, துவைத்த பின் 142. துண்டுகளைத் துணியின் மேல் அடுக்கும் வெட்டு வரைபடமான மார்க்கரைப் போட்டது இந்த 142-க்குத்தான், ஆகவே அதில் பிழை இல்லை. ஆனால் மூன்றாவது ரோலை ஐந்தாறு இடங்களில் குறுக்கே அளந்தபோது, மிகக் குறுகிய இடத்தில் வெட்டக்கூடிய அகலம் 137 மட்டுமே கிடைத்தது. முன்பாகத்துக்கு அருகில் படுத்திருந்த கைத்துண்டு அந்த 5 செ.மீ. குறைவால் பக்கத்தில் இடம் கிடைக்காமல் கீழே இறங்கியது. ஒரு கவுனுக்கு 15 செ.மீ. நீளம் கூடி, அந்த ரோலில் மட்டும் தேவை 2.55 மீட்டர் ஆயிற்று. வெட்டும் அகலம் என்பது சராசரி அகலம் அல்ல, மிகக் குறுகிய இடத்தின் அகலம். பழைய சரக்கில் இதைவிடக் கொடியது ஒன்றுண்டு. இரண்டாக மடித்துச் சுற்றி ஆண்டுக்கணக்கில் கிடந்த துணியில், மடிப்பு விளிம்பு வெளுத்து நடுவே ஒரு கோடு ஓடும். அது துவைத்தாலும் போகாது, இஸ்திரி போட்டாலும் போகாது. அப்போது 142 செ.மீ. அகலத் துணி, நடைமுறையில் 70 செ.மீ. அகலமுள்ள இரண்டு பட்டைகளாகிவிடும். பின்பாகத்தை ஒரே துண்டாக அகலமாக வெட்டும் கவுனுக்கு அதில் இடம் கிடைப்பதே கடினம்.

இதுவரை போனது மூன்று கவுன்களுக்கான துணி. கணக்கை உண்மையில் உடைப்பது நிறம்.

நான்கு ரோல்களிலும் நிறத்தின் பெயரும் குறியீட்டு எண்ணும் ஒன்றாகவே இருந்தன. ஆனால் ஒரே நிறப் பெயரின் கீழ் வெவ்வேறு சாயத் தொகுதிகளின் மிச்சங்கள் ஒன்றாகக் கட்டப்படுவது இந்த வியாபாரத்தில் சாதாரணம். முதலில் வாங்கியவர் நிறம் ஒத்துவரவில்லை என்று தள்ளிய ரோல்களே மிச்சமாகிச் சந்தைக்கு வருவதும் உண்டு. அந்த நிலையில் நம் கைக்கு வரும் ரோல்கள் தற்செயலாகச் சேர்ந்தவை அல்ல, ஒத்துப்போகாதவை என்று ஏற்கெனவே பொறுக்கி எடுக்கப்பட்டவை. விற்பவர் அனுப்பும் உள்ளங்கை அகலத் துண்டு இதைக் காட்டாது. அது ஏதோ ஒரு ரோலின் ஏதோ ஒரு முனை. ஒவ்வொரு ரோலிலிருந்தும், முடிந்தால் இரண்டு முனையிலிருந்தும், ரோல் எண் எழுதிய துண்டுகளைக் கேட்பதுதான் முறை. எல்லா விற்பனையாளரும் தருவதில்லை, தருவதற்குள் சரக்கே விற்றுப்போவதும் உண்டு. தர மறுத்தால், நான்கு ரோலும் நான்கு நிறம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டு, அப்போதும் கட்டுபடியாகும் என்றால் மட்டும் வாங்கலாம்.

துணி வந்த பின் செய்யும் சோதனை எளிது. ஒவ்வொரு ரோலின் தொடக்கத்திலும் முடிவிலும் முழு அகலத்துக்கு ஒரு சாண் பட்டை வெட்டி, ஒன்றின் வலக் கரையை மற்றதன் இடக் கரையோடும், கரையை நடுப்பகுதியோடும் சேர்த்துத் தைத்துப் பார்க்க வேண்டும். வெறுமனே அருகருகே வைத்தால் தெரியாத நிற வேறுபாடு, தையல் கோட்டின் இரு புறமும் உடனே தெரியும். நேர் வெயில் படாத பகல் வெளிச்சத்தில் ஒரு முறையும், குழல் விளக்கின் கீழ் ஒரு முறையும், மஞ்சள் விளக்கின் கீழ் ஒரு முறையும் பார்ப்பது அவசியம். ஏனெனில் வெவ்வேறு சாயக் கலவையில் வந்த இரண்டு நீலங்கள் பகலில் ஒன்றாகத் தெரிந்து, விளக்கின் கீழ் பிரிந்து நிற்கலாம். நம் சரக்கில் முதல் இரண்டு ரோல்கள் எந்த வெளிச்சத்திலும் ஒத்துப்போயின. மூன்றாவது குழல் விளக்கின் கீழ் இலேசாகச் செம்மை காட்டியது. நான்காவது எல்லா வெளிச்சத்திலும் வெளிறியிருந்தது.

ஒத்துப்போன இரண்டு ரோல்களையும்கூட ஒரே கவுனுக்குள் கலக்காமல் இருப்பதுதான் பாதுகாப்பு. இன்று ஒத்திருப்பவை பத்துச் சலவைக்குப் பின் ஒன்றாகவே வெளுக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. எனவே ஒரு கவுனின் எல்லாத் துண்டுகளும் ஒரே ரோலிலிருந்து வர வேண்டும் என்ற விதியை வைத்துக்கொள்கிறோம். இந்த விதி வந்தவுடன் மொத்த மீட்டர் என்ற எண்ணுக்குப் பொருளே இல்லாமல் போகிறது. ஒவ்வொரு ரோலையும் தனியாக வகுத்து, மீதியை ஒவ்வொன்றிலும் தனியாக இழக்க வேண்டும். அதே 132 மீட்டர் ஒரே ரோலாக வந்திருந்தால் மீதி ஒரு முறைதான் விழும். எட்டுத் துண்டாக வந்தால் எட்டு முறை விழும். தேங்கிய சரக்கில் எத்தனை மீட்டர் என்று கேட்பதற்கு முன், மிக நீண்ட ஒற்றைத் துண்டு எவ்வளவு என்று கேட்கச் சொல்வது இதற்காகத்தான்.

துணியின் பழுதையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். தொழிலில் வழங்கும் நான்கு புள்ளி முறையில் 3 அங்குலம் வரையுள்ள பழுதுக்கு 1 புள்ளி, 6 அங்குலம் வரை 2, 9 அங்குலம் வரை 3, அதற்கு மேல் 4 என்று இடுவார்கள். 100 சதுர கஜத்துக்கு 40 புள்ளியைத் தாண்டினால் தள்ளிவிடுவது பரவலான வழக்கம். ஆயிரக்கணக்கான மீட்டர் வாங்குபவருக்கு இது நல்ல அளவுகோல். ஐம்பது மீட்டர் வைத்திருப்பவருக்கு எத்தனை புள்ளி என்பதைவிட, புள்ளி எங்கே விழுந்திருக்கிறது என்பதே முக்கியம். பன்னிரண்டு பழுதுகள் ஒரே மூன்று மீட்டருக்குள் குவிந்திருந்தால் அதை வெட்டி எறிந்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். அதே பன்னிரண்டு, நான்கு மீட்டருக்கு ஒன்றாக அகலத்தின் நடுவில் பரவியிருந்தால் புள்ளிக் கணக்கு மாறாது, ஆனால் விரிக்கும் ஒவ்வொரு அடுக்கும் கெடும். ஆகவே சோதிக்கும்போதே பழுதுக்கு நேராகக் கரையில் வண்ண நூலைக் கட்டி, ரோலின் தொடக்கத்திலிருந்து எத்தனையாவது மீட்டர், கரையிலிருந்து எத்தனை செ.மீ. என்று குறித்துக்கொண்டால், மார்க்கரில் பைக்குள் மறையும் துண்டையோ துண்டுகளுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தையோ அதன் மேல் நகர்த்த முடியும்.

முதல் ரோலில் சுருக்கம் போக இருந்தது 49.2 மீட்டர். எண்ணெய்க் கறை இரண்டு, இழை அறுந்த நீளக்கோடு ஒன்று, இரு முனைகள் ஆகியவற்றுக்கு 2.2 மீட்டர் போக 47 நின்றது, 2.4-ஆல் வகுக்க 19 கவுன். இரண்டாவதில் 38.5-இலிருந்து 1.3 போக 37.2, 15 கவுன். மூன்றாவதில் 32.1-இலிருந்து 1.1 போக 31; அதன் அகலத்துக்குரிய 2.55-ஆல் வகுக்க 12 கவுன். வெளிறிய நான்காவது ரோலை மாதிரிகள் தைக்க ஒதுக்கியதால் அது விற்பனைக் கணக்கில் வராது. ஆக மொத்தம் 46. இந்த மூன்று ரோல்களிலும் ஒவ்வொரு கவுனுக்கான துணியை வெட்டாமல் வைத்துக்கொள்ள வேண்டும். தைக்கும்போது ஒரு கைத்துண்டு கிழிந்தாலோ, பொத்தான் துளை வெட்டும் மெஷின் முன்பட்டையைத் தின்றுவிட்டாலோ, அதே ரோலின் துணி மட்டுமே அந்தக் கவுனைக் காப்பாற்றும். இதற்காக வெட்டிய துண்டுக் கட்டுகளின் மேல் ரோல் எண்ணை ஒட்டிவைப்பதும் அவசியம்; எண் இல்லாவிட்டால் எந்த மிச்சத்திலிருந்து வெட்டுவது என்று யாருக்கும் தெரியாது. மூன்றைக் கழிக்க 43.

துணிச் செலவை 55-ஆல் வகுத்து விலை போட்டிருந்ததால், 43 ஆனதும் ஒரு கவுனின் துணிச் செலவு ஏறக்குறைய 28 சதவீதம் ஏறிவிட்டது. மலிவு என்று வாங்கிய துணியின் மலிவில் பெரும்பகுதி இங்கேயே கரைந்துவிடுகிறது.

இழந்ததில் கொஞ்சத்தை மீட்க முடியுமா என்று பார்த்தார்கள். வெளிறிய நான்காவது ரோலிலிருந்து உள் யோக், காலரின் அடிப்பக்கம், பையின் உட்புறம் ஆகியவற்றை வெட்டினால், மற்ற ரோல்களில் கவுனுக்கு 15 செ.மீ. மிச்சமாகும். கணக்குப் போட்டால் முதல் ரோலில் 20, இரண்டாவதில் 16, மூன்றாவதில் அதே 12. மூன்றைக் கழித்தால் 45. இவ்வளவு பாடுபட்டும் கூடியது இரண்டே கவுன்கள்தான். அதோடு மாதிரிகளைத் தைக்க இருந்த ஒரே துணி இதில் செலவாகிவிடும்; அளவு சரிபார்க்கும் மாதிரிகளை அதே எடையும் அதே தொங்கலும் உள்ள வேறு துணியில் தைக்க வேண்டியிருக்கும். இந்த இடத்தில் அவர்கள் 43-ஓடு நிறுத்திக்கொண்டதை நான் சரியென்றே நினைக்கிறேன்.

கணக்கில் வராத ஆபத்து ஒன்று உண்டு. அது துணியின் வயது. ஒருமுறை அழுத்தமான கறுப்புப் பருத்தி ட்வில் மிச்சம் ஒன்றை நான் வாங்கினேன். நிறம் ஒரே சீராக இருந்தது, பழுது இல்லை, அகலம் சரி. தைத்து விற்ற சில மாதங்களில் முழங்கை மடிப்பில் கிழிந்ததாக மூன்று பேர் எழுதினார்கள். கந்தகச் சாயமிட்ட கறுப்புப் பருத்தி, வெப்பமும் ஈரமும் உள்ள இடத்தில் நெடுநாள் கிடந்தால், சாயத்தில் தங்கிய கந்தகத்திலிருந்து அமிலம் உண்டாகி இழையை அரிக்கும். கண்ணுக்கு எதுவும் தெரியாது. ரோலின் வெளிச்சுற்றிலும் உள்சுற்றிலும் ஒரு சிறு வெட்டுப் போட்டுக் கையால் கிழித்துப் பார்த்தால், வலுவிழந்த துணி பழைய காகிதம்போல் ஓசையின்றி வழிவிடும். ஈரப்படுத்திய துணியில் லிட்மஸ் தாளை அழுத்தினால் அது சிவப்பதும் எச்சரிக்கையே. எலாஸ்டேன் கலந்த துணியென்றால் 10 செ.மீ. குறித்து, 13 வரை இழுத்து, அரை நிமிடம் பிடித்து விட்டு, எவ்வளவுக்குத் திரும்புகிறது என்று பார்ப்பது போதும். திரும்பாமல் அலையலையாக நின்றால் அதன் இழுவை செத்துவிட்டது. பாலித்தீன் உறையில் இருந்த வெள்ளைத் துணியை விரித்து, மடிப்பிலும் ஓரத்திலும் மஞ்சள் ஏறியிருக்கிறதா என்று பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

குறைந்த மீட்டரின் சிக்கல் விற்பனையிலும் தொடர்ந்து வரும். 43 கவுன்களை ஐந்து அளவுகளில் சரிசமமாகப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் எட்டு ஒன்பதுதான் இருக்கும். நடு அளவுகள் முதலில் தீர்ந்து, ஓர அளவுகள் தங்கும், தீர்ந்ததை மறுபடி தைக்க வழியில்லை. அதனால் அளவு விகிதத்தைப் பழைய விற்பனைக் கணக்கிலிருந்து எடுத்து, அளவுகளைக் குறைத்துக்கொள்வதே நல்லது. தளர்வான வெட்டென்றால் மூன்று அளவுகளே போதும். அளவு மாற்றித் தருவதாகச் சொல்லி விற்றால், தர இயலாதபோது பணம் திருப்பித் தரப்படும் என்பதையும் அங்கேயே எழுதிவைக்க வேண்டும். கடைகளுக்கு மொத்தமாகக் கொடுப்பதாக இருந்தால், இரண்டாவது ஆர்டர் எடுக்க முடியாது என்பதை முதல் மாதிரியோடு சேர்த்தே சொல்லிவிடுவது முறை. மூன்றாவது ரோலின் கவுன்கள் சற்றுச் செம்மையானவை என்பதால், அவற்றை ஒரே கடைக்கு மட்டும் அனுப்பினார்கள். முதல் ரோலின் கவுனோடு பக்கத்தில் தொங்காதவரை அந்தச் செம்மை யார் கண்ணுக்கும் படாது.

வெட்டாமல் வைத்த மூன்று துண்டுகளில் ஒன்று ஒரு வாரத்திலேயே பயன்பட்டது. இரண்டாவது ரோலில் வெட்டிய ஒரு கவுனின் இடது முன்பாகத்தில், சோதனையில் தப்பிய எண்ணெய்ப் பொட்டு ஒன்று இஸ்திரி மேசையில்தான் தெரிந்தது. மற்ற இரண்டையும் கடைசிக் கவுன் விற்று, திருப்பி அனுப்பும் கெடு முடியும் வரை ரோல் எண்ணோடு அப்படியே அலமாரியில் வைத்திருந்தார்கள்.